ஓனருக்கு அனுப்பப் போகும் மெசேஜ்: அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்

ஈரச்சுவர் | ஆகஸ்ட் 14, வியாழன், இரவு 9.40

பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் இரண்டு பெட்ரூம் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 24,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். ஓனர் அல்சூரில் இருக்கும் தமிழர், வயது எழுபதுக்குப் பக்கம். தமிழ் பேப்பர் படிக்கிறவர். வீடு பார்க்க வந்த நாளிலிருந்து அவரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறேன். மோசமான மனிதர் இல்லை. ஆனால் எதையும் தள்ளிப் போடுவார்.

பெட்ரூமை ஒட்டிய பாத்ரூம் சுவர் ஊறுகிறது. ஜூன் 10 போனில் சொன்னேன். 24ஆம் தேதி ஒரு பிளம்பர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, டைல்ஸை உடைத்தால்தான் தெரியும் என்று போய்விட்டார். அதோடு சரி. அப்போது முழங்கால் உயரம் இருந்த ஈரம் இப்போது சுவிட்ச் போர்டு வரை வந்துவிட்டது. இன்று ஆபீஸிலிருந்து வந்ததும் இதை டைப் செய்தேன். என் மனைவி போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

"அங்கிள், ரெண்டு மாசமா இதே கதைதான். வாடகை மட்டும் அஞ்சாம் தேதி வரலைன்னா ஆறாம் தேதி காலைலயே போன் பண்றீங்க. சுவர் பூரா ஊறிப்போச்சு, ஒரு தடவையாச்சும் வந்து பாத்தீங்களா? சின்னக் குழந்தை இருக்கிற வீடு. இது உங்க வீடா இருந்தா இப்படி விடுவீங்களா? இந்த வாரம் சரி பண்ணலைன்னா அடுத்த மாசம் வாடகை கிடையாது."

இதில் பொய் ஒன்றுமில்லை. அனுப்பலாமா?

---

ராஜாஜிநகர் ராஜா | 9.52

அப்படியே அனுப்புங்கள். இதற்கெல்லாம் பணிந்து போனால் தலையில் ஏறி உட்காருவார்கள். ரிப்பேர் செய்யாவிட்டால் வாடகையை நிறுத்த வாடகைதாரருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. செக்ஷன் 108. அதையும் சேர்த்துப் போடுங்கள், மறுநாளே மேஸ்திரி வருவார்.

---

மேல்மாடி அம்மா | 10.05

நான் அந்தப் பக்கத்து ஆள். இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். இந்த மெசேஜ் எனக்கு வந்தால் சுவர் ஞாபகம் வராது. 'வாடகை கிடையாது' என்ற கடைசி வரிதான் கண்ணில் நிற்கும். ராத்திரி முழுக்க அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பேன். காலையில் மகனுக்கு போன் போட்டு 'இவங்களைக் காலி பண்ணச் சொல்லலாமா' என்று கேட்பேன். மேஸ்திரிக்கு போன் போகாது.

அப்புறம், 'உங்க வீடா இருந்தா' என்று கேட்டிருக்கிறீர்கள். அது அவர் வீடுதானே தம்பி!

---

ஈரச்சுவர் | 10.11

அந்த வரியை எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை :)

---

பழைய செயலாளர் | 10.48

பதினான்கு வருடம் ஒரு குடியிருப்புச் சங்கத்தில் கடிதம் எழுதியே பொழுது போனவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் ராஜா சொன்னது. அவர் பாதி சரி. 1882ஆம் வருடச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் அப்படி ஒரு உட்பிரிவு இருக்கிறது. ஆனால் அது வாடகையை நிறுத்தச் சொல்லவில்லை. ஓனர் செய்தாக வேண்டிய பழுதை, நாம் தெரிவித்த பிறகும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், நாமே செய்து அந்தச் செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம் என்கிறது. அதுவும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்காவிட்டால். வேலையே செய்யாமல் முழு வாடகையையும் நிறுத்தினால் பாக்கி வைத்தவர் நீங்கள் என்று ஆகிவிடும். சுவர் பேச்சு போய் பாக்கிப் பேச்சு வந்துவிடும். கையில் ஒன்றரை லட்சம் வைத்திருக்கிறவர் அவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

'தெரிவித்த பிறகு' என்று இருப்பதைக் கவனியுங்கள். ஜூன் 10 பேசியது போனில். இதுவரை எழுத்தில் ஒன்றுமே இல்லை. ஆக இந்த மெசேஜ்தான் நீங்கள் எழுத்தில் தெரிவிக்கும் முதல் தகவல். நாளைக்கு மூன்றாவது மனிதர் ஒருவர் படித்தாலும் உங்கள் பக்கம் நிற்கிற மாதிரி அது இருக்க வேண்டும்.

இனி வார்த்தைக்கு வருகிறேன். உங்கள் மெசேஜில் திட்டு ஒன்றும் இல்லை, ஆனாலும் சுடுகிறது. எங்கே சுடுகிறது என்று தேடினால் எல்லாம் குட்டிக் குட்டிச் சொற்கள். 'இதே கதைதான்' என்பதில் உள்ள 'தான்'. 'வாடகை மட்டும்' என்பதில் 'மட்டும்'. 'காலைலயே' என்பதில் கடைசி ஏகாரம். 'ஒரு தடவையாச்சும்' என்பதில் 'ஆச்சும்'. இந்த நாலையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், விஷயத்தில் ஒரு இம்மி குறையாது, குத்தல் போய்விடும். நம் மொழியில் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த வால்கள்தான்.

அடுத்தது 'நீங்கள்'. 'வந்து பாத்தீங்களா', 'விடுவீங்களா', 'போன் பண்றீங்க' என்று மூன்று இடத்தில் அவரை நோக்கி விரல் நீட்டியிருக்கிறீர்கள். சுவரை எழுவாயாக வையுங்கள், வேலையை எழுவாயாக வையுங்கள். 'நீங்க ஆள் அனுப்பலை' என்பதும் 'அதன் பிறகு வேலை நடக்கவில்லை' என்பதும் ஒரே தகவல்தான். இரண்டாவதை அவரால் மறுக்கவும் முடியாது, அதற்குக் கோபப்படவும் முடியாது.

நாளை விடுமுறைதானே, ஆற அமர மறுபடி எழுதிப் போடுங்கள்.

---

கவிதா விஜயநகர் | 11.20

எங்கள் ஓனர் காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். எட்டு மாதம்தான் இருந்தோம். அதைத் திருப்பிக் கேட்க எப்படி எழுதுவது?

---

பழைய செயலாளர் | 11.31

அது வேறு கேஸ் அம்மா. ஒப்பந்தத்தில் பெயின்டிங் பிடித்தம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத் தனியாகக் கேளுங்கள்.

---

ஈரச்சுவர் | ஆகஸ்ட் 15, வெள்ளி, காலை 7.15

ராத்திரியே மாற்றி எழுதிவிட்டேன்.

"அங்கிள் வணக்கம். தொந்தரவுக்கு மன்னிக்கவும். பெட்ரூம் சுவர் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது, முடிந்தால், யாரையாவது அனுப்பிப் பார்க்கவும். தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

---

மேல்மாடி அம்மா | 8.02

இது வந்தால் நானே தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுவேன். 'கொஞ்சம்' என்கிறீர்கள், 'முடிந்தால்' என்கிறீர்கள். எனக்கு முடியவில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன், வேலை முடிந்தது.

---

பழைய செயலாளர் | 8.30

ஆமாம், நேற்று எரிந்தது, இன்று அணைந்தே போய்விட்டது. மன்னிப்பு எதற்கு? ஊறுவது உங்களால் இல்லையே. 'கொஞ்சம்' பொய், நாலடி ஈரம் கொஞ்சமா? 'பார்க்கவும்' என்பதும் மரியாதை இல்லை, 'வரிசையில் நிற்கவும்' என்கிற போர்டு மாதிரி இருக்கிறது. 'செய்து கொடுங்கள்' என்று எழுதுங்கள். அந்தக் 'கொடுங்கள்' கேட்பது மாதிரியும் இருக்கும், விடமாட்டேன் என்பது மாதிரியும் இருக்கும்.

உறுதி வருவது சத்தத்தால் இல்லை, தேதியால். என்று சொன்னேன், என்று ஆள் வந்தார், இன்று என்ன நிலை, எந்த நாளுக்குள் வேண்டும். 'சீக்கிரம்' என்பது யாருக்கும் நாள் ஆகாது.

---

குழாய்க்காரர் மகன் | 9.10

மெசேஜ் இருக்கட்டும், முதலில் அந்த சுவிட்ச் போர்டு. ஈரச் சுவரில் இருக்கும் போர்டைத் தொடவே வேண்டாம். மெயினுக்குப் போய் அந்த அறைக்கான எம்சிபியை இறக்கிவிடுங்கள். சுவர் காயும் வரை இறக்கியே இருக்கட்டும்.

அடுத்தது, இந்த மழைக்காலத்தில் எந்த ஓனரும் சொல்லும் முதல் பதில் 'மழை ஈரம், நின்னா காஞ்சிடும்' என்பதுதான். அதற்கு இடம் கொடுக்காமல் எழுத வேண்டுமானால் சின்னச் சோதனை செய்யலாம். இன்னொரு பாத்ரூம் இருக்கிறதா? இருந்தால் இன்று முழுக்க இந்த பாத்ரூமுக்கு வரும் வால்வை மூடி வையுங்கள். ஈரத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நாளைக்கு வால்வைத் திறந்துவிட்டு, ஆனால் பாத்ரூமைப் பயன்படுத்தாமல் விடுங்கள். யாரும் குளிக்காதபோதும் நீர் வந்தால், எப்போதும் அழுத்தத்தில் நிற்கிற உள் பைப்பில் கசிவு. வால்வு திறந்தும் காய்ந்தே இருந்து, குளித்தால் மட்டும் வந்தால், கழிவு பைப் அல்லது டைல்ஸ் இடுக்கு. வால்வு மூடியும் ஊறிக்கொண்டே இருந்தால் மேல்வீடோ மழையோ. ஒன்று மட்டும், சுவர் உள்ளே குடித்த நீர் ஒரே நாளில் காயாது. அதனால் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், புதிதாகத் துளி வருகிறதா என்று பாருங்கள்.

---

ஈரச்சுவர் | 9.25

பொது பாத்ரூம் ஒன்று இருக்கிறது. எம்சிபியை இறக்கிவிட்டேன். வால்வையும் மூடியாச்சு. ஸ்கர்ட்டிங் டைல்ஸ் மேல்விளிம்பில் இப்போது முத்து முத்தாக நீர் நிற்கிறது, துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பார்க்கிறேன்.

---

ராஜாஜிநகர் ராஜா | 11.40

ஒரு மெசேஜ் அனுப்ப இவ்வளவு ஆராய்ச்சியா! வக்கீல் நோட்டீஸ் ஒன்று விட்டால் முடிந்தது. கர்நாடக வாடகைச் சட்டம் இருக்கிறதே.

---

பழைய செயலாளர் | 12.15

அந்த 1999ஆம் வருடச் சட்டம் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீட்டுக்குப் பெங்களூரில் பொருந்தாது. இன்றைக்கு அந்த வாடகைக்கு எங்கே வீடு? 24,000 வாடகைக்கு உங்கள் ஒப்பந்தமும் நான் நேற்று சொன்ன பழைய சட்டமும்தான் துணை. ஈரச்சுவர், ஒப்பந்தத்தில் பழுது பற்றி என்ன இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.

---

ஈரச்சுவர் | 12.50

பதினோரு மாத ஒப்பந்தம். 'சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு, பெரும் பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு' என்று ஒரே வரி. எது சிறிது, எது பெரிது என்று இல்லை.

---

பழைய செயலாளர் | 1.10

எல்லோர் ஒப்பந்தத்திலும் அதே வரிதான். சுவருக்குள் ஓடும் பைப்பை யாரும் சிறு பழுது என்று வாதாட மாட்டார்கள். மத்திய அரசு 2021இல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்திலும் பைப் மாற்றுவதும் வயரிங்கும் ஓனர் பக்கம், குழாய் வாஷரும் கீசரும் சுவிட்சும் குடியிருப்பவர் பக்கம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அது மாதிரிதான், மாநிலம் எடுத்துக்கொண்டால்தான் சட்டம். ஆனால் பேசும்போது எங்கே கோடு போடலாம் என்று காட்டும். மெசேஜில் எழுத வேண்டாம்.

---

இந்திராநகர் குமார் | 3.35

கன்னடத்தில் எழுதினால்தான் இங்கே மரியாதை. நான் எழுதித் தரட்டுமா?

---

ஈரச்சுவர் | 3.41

ஓனர் வேலூர்ப் பூர்வீகம் அண்ணா, தமிழ்தான் பேசுவார். நன்றி.

---

ஈரச்சுவர் | ஆகஸ்ட் 16, சனி, இரவு 8.20

சோதனை முடிந்தது. நேற்று வால்வை மூடியபின் மதியம் வரை கொஞ்சம் நீர் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. இன்று காலை ஏழுக்குத் திறந்தோம், யாரும் உள்ளே போகவில்லை. பத்தரைக்கே முத்துக்கள் திரும்பி வந்துவிட்டன. இன்று இங்கே மழையும் இல்லை. போட்டோ எடுத்திருக்கிறேன், கோட்டோடும் தேதியோடும்.

இதோ மூன்றாவது முயற்சி:

"அங்கிள், வணக்கம். பெட்ரூம் சுவர் ஈரம் பற்றி எழுதுகிறேன். ஜூன் 10 உங்களிடம் போனில் சொன்னேன். 24ஆம் தேதி நீங்கள் அனுப்பிய பிளம்பர் பார்த்துவிட்டு, பாத்ரூம் டைல்ஸை உடைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அதன் பிறகு வேலை நடக்கவில்லை. அன்று முழங்கால் உயரம் இருந்த ஈரம் இப்போது நாலடி ஏறி சுவிட்ச் போர்டைத் தொட்டிருக்கிறது. குழந்தை இருப்பதால் அந்த அறையின் கரண்டை அணைத்து வைத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை பாத்ரூம் வால்வை மூடி வைத்தோம், கசிவு நின்றது. சனிக்கிழமை திறந்துவிட்டு யாரும் பயன்படுத்தாமல் பார்த்தோம், மூன்றரை மணி நேரத்தில் மறுபடி வந்தது. அதனால் மழை இல்லை, உள் பைப் என்று நினைக்கிறோம். போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குள் மேஸ்திரியையும் பிளம்பரையும் சேர்த்து அனுப்பி வேலையைத் தொடங்கிக் கொடுங்கள். செய்யாவிட்டால் நானே ஆள் வைத்துச் செய்து வாடகையில் கழித்துக்கொள்வேன்."

---

மேல்மாடி அம்மா | 8.45

கடைசி வரி வரும் வரை எனக்குக் கோபமே வரவில்லை. 'கழித்துக்கொள்வேன்' என்றதும் வந்துவிட்டது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. 'நீங்கள் அனுப்பிய பிளம்பர்' என்று எழுதியது நல்லது, நானும் ஏதோ செய்தேன் என்று அவருக்கு ஒரு நிம்மதி. மேஸ்திரியும் பிளம்பரும் சேர்ந்து வர வேண்டும் என்றதும் சரி, தனித்தனியாக வந்தால் ஒருவர் உடைத்துவிட்டுப் போய் இன்னொருவர் வருவதற்குள் பத்து நாள் ஆகும்.

26, 27 கௌரி கணேசா பண்டிகை. ஆட்கள் முந்தின வாரமே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அதை எழுதுங்கள். ஏன் 24 என்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும், நீங்கள் கெடு வைத்த மாதிரி இருக்காது. நீங்கள் எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்றும் போடுங்கள். 'வந்தாங்க, பூட்டியிருந்துச்சு' என்பது எங்கள் பக்கத்துப் பெரிய சாக்கு.

---

பழைய செயலாளர் | 9.20

அம்மா சொன்ன கெடு விஷயம் அருமை. கடைசி வரியை எடுக்க வேண்டாம், திருப்பிப் போடுங்கள். அதே விஷயத்தை அவருக்கு உதவியாகச் சொல்லலாம்: ஆள் கிடைக்காவிட்டால் நான் பார்த்துத் தருகிறேன், மதிப்பீடு அனுப்புகிறேன், நீங்கள் சரி சொன்னதும் வேலை நடக்கட்டும், பில்லை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று. அவர் ஒரே வார்த்தை 'சரி' என்று பதில் போட்டால் சட்டப் பிரிவு எதுவும் தேவைப்படாது.

---

ராஜாஜிநகர் ராஜா | 9.34

அவர் 'சரி' சொல்லாவிட்டால்? அதற்குத்தான் செக்ஷனைப் போடச் சொல்கிறேன். இப்போதே எழுதாவிட்டால் பிறகு அதற்கு ஒரு மெசேஜ், அதற்குப் பத்து நாள்.

---

பழைய செயலாளர் | 9.50

முதல் கடிதத்தில் பிரிவு எண் போட்டால் அவர் அதை வக்கீலிடம் காட்டுவார், மேஸ்திரியிடம் காட்ட மாட்டார். பதிலே வராவிட்டால் இரண்டாவதில் போடலாம், அதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். ஆனால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது ராஜா, சில ஓனர்களுக்கு எண்ணைப் பார்த்தால்தான் கண் திறக்கும். இவர் அப்படிப்பட்டவரா என்பது ஈரச்சுவருக்குத்தான் தெரியும்.

---

ஈரச்சுவர் | ஆகஸ்ட் 17, ஞாயிறு, காலை 10.05

இவர் அப்படி இல்லை என்று நினைக்கிறேன். மற்றதை அப்படியே வைத்து, கடைசிப் பத்தியை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன்:

"கௌரி கணேசா வந்துவிட்டால் ஆள் கிடைக்காது என்பதால், 24 ஞாயிற்றுக்கிழமைக்குள் மேஸ்திரியையும் பிளம்பரையும் சேர்த்து அனுப்பி வேலையைத் தொடங்கிக் கொடுங்கள். சனி, ஞாயிறு முழுநாளும், மற்ற நாளில் மாலை 6 மணிக்கு மேலும் வீட்டில் இருப்போம். எந்த நாள் என்று செவ்வாய்க்குள் சொன்னால் பாத்ரூமை ஒழித்து வைக்கிறோம். உங்களுக்கு ஆள் அமையாவிட்டால் நான் பார்த்து மதிப்பீடு அனுப்புகிறேன். நீங்கள் சரி சொன்னதும் வேலையை முடித்து, பில் தொகையைச் செப்டம்பர் வாடகையில் கழித்துக்கொள்ளலாம்."

'ஐயா' என்று மாற்றலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். 'அங்கிள்' என்றே விட்டுவிட்டேன்.

---

பழைய செயலாளர் | 10.20

நல்லது செய்தீர்கள். இத்தனை நாளாக அங்கிளாக இருந்தவர் ஒரே நாளில் ஐயா ஆனால், வழக்கு போடப் போகிறான் என்று நினைப்பார்.

---

ஈரச்சுவர் | ஆகஸ்ட் 18, திங்கள், இரவு 9.30

நேற்று முழுக்க நீல டிக் மட்டும். இன்று மாலை பதில்: 'போட்டோ பாத்தேன்பா. இவ்ளோ ஏறிருக்கும்னு தெரியாது. சனிக்கிழமை கூட்டிட்டு வர்றேன்.' இதற்கு ஏதாவது பதில் போட வேண்டுமா?

---

பழைய செயலாளர் | 9.41

'நன்றி அங்கிள், 23 சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எதிர்பார்க்கிறோம்' என்று ஒரே வரி. அவர் கிழமை சொன்னார், நீங்கள் தேதியும் மணியும் சொல்லி வையுங்கள்.

---

ஈரச்சுவர் | ஆகஸ்ட் 23, சனி, மாலை 6.50

பத்துக்கு எதிர்பார்த்தோம், பன்னிரண்டரைக்கு வந்தார்கள். மூன்று டைல்ஸ் உடைத்தார்கள். பக்கெட் குழாய்க்குப் போகும் எல்போவில் மயிரிழை விரிசல். மாற்றியாச்சு, சுவரை ஒரு வாரம் திறந்தே விட்டுப் பார்த்துவிட்டுப் பூசலாம் என்றிருக்கிறார் மேஸ்திரி. அங்கிளே பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு 'ஏம்பா, முன்னாடியே இப்படி போட்டோ அனுப்பியிருக்கக் கூடாதா' என்றார்.

இப்போது புதுப் பிரச்சனை. அந்த நிற டைல்ஸ் கடையில் இல்லையாம். வேறு நிறத்தில் மூன்று ஒட்டிவிடலாம் என்கிறார். பெட்ரூம் பெயின்ட் பற்றி வாயே திறக்கவில்லை.

---

மேல்மாடி அம்மா | 7.15

நிறம் மாறினால் மாறட்டும் தம்பி, அது அவர் சுவர். பெயின்ட்டுக்குச் சுவர் முழுக்கக் காய்ந்த பிறகு கேளுங்கள், இப்போது அடித்தாலும் உரிந்துவிடும்.

---

ராஜாஜிநகர் ராஜா | 7.22

இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த பெயின்டையும் உங்கள் அட்வான்ஸில் பிடிப்பார்.

---

கவிதா விஜயநகர் | 7.30

அதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன்.